வெள்ளை அணுக்கள் 58,400: தொற்றின் கொந்தளிப்பா, சி.எம்.எல். புற்றுநோயா?

கேள்வி (நோயாளியின் மகள்): டாக்டர் அம்மா, அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஆறு நாளாகக் குளிர்காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 58,400 என்று வந்திருக்கிறது. கீழே "லூக்கிமாய்டு எதிர்வினையா, சி.எம்.எல்.-ஆ எனப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். இது புற்றுநோய்தானா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. கடுமையான தொற்றுக்கு எதிராக உடல் போராடும்போது வெள்ளை அணுக்கள் 50,000-ஐத் தாண்டுவதைத்தான் லூக்கிமாய்டு எதிர்வினை என்கிறோம், நாட்பட்ட மைலாய்டு லூக்கிமியா என்ற ரத்தப் புற்றுநோயான சி.எம்.எல். உள்ளவர்கள் பலரும் முதன்முதலில் வரும்போது இதே அளவில்தான் இருப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் போனால் சி.எம்.எல். பக்கம் சந்தேகம் கூடும், அவ்வளவுதான். விடை இருப்பது எண்ணிக்கையில் அல்ல, எந்தெந்தப் பருவத்து அணுக்கள் எந்த விகிதத்தில் வெளியே வந்திருக்கின்றன என்பதில். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்த ஸ்மியர் அறிக்கை தனித் தாளில் இருக்கும். அதிலுள்ள சதவீதங்களை இங்கே எழுதுங்கள். வயிற்று ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவரை காய்ச்சலுக்கான சிகிச்சை எதற்காகவும் தள்ளிப்போகக் கூடாது, ஏனென்றால் இன்றிரவு அவருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியது தொற்றுதான். சி.எம்.எல்.-ஆகவே இருந்தாலும் அதன் நாட்பட்ட நிலையில் சில நாட்கள் பொறுப்பதால் பெரும்பாலும் கெடுதல் வராது.

கேள்வி (அதே மகள்): ஸ்மியரில் நியூட்ரோஃபில் 70, பேண்ட் 14, மெட்டாமைலோசைட் 5, மைலோசைட் 2, லிம்போசைட் 7, மோனோசைட் 2. பேசோஃபில், பிளாஸ்ட் இரண்டும் இல்லை. "டாக்சிக் துகள்கள் காணப்படுகின்றன" என்றும் இருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம் 7 செ.மீ. சீழ்க்கட்டி, மண்ணீரல் இயல்பான அளவு.

பதில்: நீங்கள் எழுதிய வரிசையை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்: முதிர்ந்த நியூட்ரோஃபிலில் தொடங்கி, அதன் இளம் பருவங்களான பேண்ட், மெட்டாமைலோசைட், மைலோசைட், மிக இளம் பிளாஸ்ட் என 70, 14, 5, 2, பிறகு பூஜ்யம். முதிர்ந்த அணுக்கள் மிகுதியாகவும், இளமையை நோக்கிப் போகப்போகக் குறைந்துகொண்டேயும் வருகின்றன. எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் ஒரு கையிருப்பாகக் காத்திருக்கின்றன. சீழ்க்கட்டியிலிருந்து அழைப்பு வந்தவுடன் முதலில் அவை வெளியேறுகின்றன. அவை போதாதபோது பேண்ட்களும், அதற்கும் பிறகு மெட்டாமைலோசைட்டுகளும் அனுப்பப்படுகின்றன. களஞ்சியத்தில் முற்றிய நெல் தீர்ந்த பிறகுதான் பால்பிடித்த கதிரில் கை வைப்பார்கள், அந்த ஒழுங்கு இதில் தெரிகிறது. டாக்சிக் துகள்கள் என்பவை அவசரத்தில் உருவாக்கி அனுப்பப்பட்ட நியூட்ரோஃபில்களுக்குள் கருமையாகத் தெரியும் துகள்கள்.

சி.எம்.எல். தகட்டில் இந்த ஒழுங்கு இராது. நான் மாணவர்களுக்குக் காட்டும் ஒரு தகட்டில் நியூட்ரோஃபில் 40, பேண்ட் 14, மெட்டாமைலோசைட் 8, மைலோசைட் 22, புரோமைலோசைட் 3, பிளாஸ்ட் 2, ஈசினோஃபில் 4, பேசோஃபில் 5, லிம்போசைட் 2 என்று இருக்கும். மெட்டாமைலோசைட்டுகளைவிட அவற்றுக்கு முந்தைய பருவத்து மைலோசைட்டுகள் அதிகமாக இருப்பதைக் கவனியுங்கள்; நடுவில் ஒரு புடைப்பு எழுகிறது. அங்கே அழைப்புக்கு ஏற்ப அணுக்கள் அனுப்பப்படவில்லை. ஒரே ஒரு மூல அணு கட்டுப்பாட்டை இழந்து பெருகியதால் அதன் வழித்தோன்றல்கள் எல்லாப் பருவங்களிலும் நிரம்பி வழிகின்றன. பேசோஃபில் என்ற, வழக்கமாக மிகக் குறைவாகவே இருக்கும் வெள்ளை அணுக்கள் பெருகுவதும் அதனால்தான். தொற்று அவற்றை இந்த அளவுக்குப் பெருக்குவதில்லை.

ஆகவே உங்கள் அப்பாவின் தகடு தொற்றின் பக்கம்தான் தெளிவாகச் சாய்கிறது, கல்லீரலில் அதற்கான காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. 7 செ.மீ. கட்டிக்கு மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது; குழாய் செலுத்திச் சீழை வடிப்பார்கள். வடித்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றுபவை. அழைப்பு நின்றால் எண்ணிக்கை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும், அந்த இறக்கமும் ஒரு சாட்சிதான்.

கேள்வி (ஆய்வகத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றியவர்): இதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பானேன், டாக்டர்? நியூட்ரோஃபில்களிலுள்ள எல்.ஏ.பி. என்ற நொதிக்குச் சாயமிட்டு மதிப்பெண் போட்டால் முடிந்தது. அதிகமாக இருந்தால் தொற்று, குறைவாக இருந்தால் சி.எம்.எல். நாங்கள் அப்படித்தான் செய்து வந்தோம்.

பதில்: நீங்கள் சொல்வது பாதி சரி, ஐயா. 100 நியூட்ரோஃபில்களை எண்ணி, ஒவ்வொன்றின் சாய அடர்த்திக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பளித்துக் கூட்டும் அந்தச் சோதனை பல பத்தாண்டுகள் எங்களுக்கு வழிகாட்டியது, பணமும் அதிகம் பிடிக்காது. ஆனால் அது தடுமாறும் இடம் நமக்கு மிகவும் தேவைப்படும் இடமாகவே இருக்கிறது. சி.எம்.எல். உள்ளவருக்குத் தொற்றும் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் இயல்பு நிலைக்கோ அதற்கு மேலோ ஏறிவிடும். கர்ப்பத்திலும் ஸ்டீராய்டு உட்கொள்ளும்போதும் அது கூடும். ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் வந்த ரத்தத்தில் அந்த நொதி மங்கிவிடுவதால், விரல் நுனியிலிருந்தோ ஹெப்பாரின் குழாயிலிருந்தோ எடுத்த புதிய ரத்தம் வேண்டும் என்பது உங்களுக்கே நன்கு தெரியும். இன்று வார்டிலிருந்து வரும் மாதிரிகளில் எத்தனை அப்படி வருகின்றன? சி.எம்.எல். இருக்கிறதா என்பதை இன்று தீர்த்துச் சொல்வது பி.சி.ஆர்-ஏ.பி.எல். மரபணுச் சோதனைதான். கையிலிருந்து எடுத்த ரத்தமே அதற்குப் போதும், முதல் கேள்விக்கே மஜ்ஜையைக் குத்த வேண்டியதில்லை.

கேள்வி (ஒரு வாசகர்): அப்படியென்றால் சீழ்க்கட்டியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் வெள்ளை அணுக்கள் ஏறி ஏறிக் கடைசியில் ரத்தப் புற்றுநோயாகிவிடும் என்கிறீர்கள், அல்லவா?

பதில்: இல்லை, நான் சொன்னது அதுவன்று. இவை ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள் அல்ல. சி.எம்.எல்.-இல் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டைத்தான் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்கிறோம்; அதில் பிறக்கும் புரதம் "பெருகு" என்ற ஆணையை ஓயாமல் தந்துகொண்டிருக்கிறது. குட்டையாகிப்போன அந்த 22ஆம் குரோமோசோமை 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் பிலடெல்பியாவில் கண்டறிந்தார்கள். துண்டு தொலைந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்பதை 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். எத்தனை நாள் நீடித்தாலும் சீழ்க்கட்டி இந்த ஒட்டை உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடம் கண்டதுபோல மிகுந்த கதிர்வீச்சு ஒரு காரணமாக இருக்கலாம். பெரும்பாலான நோயாளிகளுக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை.

கேள்வி (சி.எம்.எல். நோயாளி, 41 வயது): எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. மார்புச் சளியும் காய்ச்சலுமாகப் போனேன். 64,000 இருந்தது. "தொற்றுதான்" என்று மூன்று வாரம் ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, எண்ணிக்கை 55,000-க்குக் கீழே இறங்கவில்லை. அதன் பிறகுதான் மரபணுச் சோதனை. அப்போதே கண்டுபிடித்திருக்க முடியாதா?

பதில்: முடிந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன், அந்த மூன்று வாரங்கள் உங்களுக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன: தொற்றும் உண்மை, சி.எம்.எல்.-உம் உண்மை. காய்ச்சல் என்ற கண்ணுக்குத் தெரிந்த காரணம் மற்றதை மறைத்துவிட்டது. காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகியும் எண்ணிக்கை பாதியாகக்கூட இறங்கவில்லை என்றால் தொற்றின் கணக்கு இடிக்கிறது, அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

பழைய அறிக்கை கையில் இருந்தால் பேசோஃபில் சதவீதத்தைப் பாருங்கள். அது இயந்திரம் எண்ணியதா, மனிதர் கண்ணால் எண்ணியதா என்றும் பாருங்கள். இளம் அணுக்கள் கலந்த ரத்தத்தில் தானியங்கி இயந்திரம் பேசோஃபில்களைத் தவறாக எண்ணுவது உண்டு. அவற்றின் துகள்கள் நீரில் கரைபவை என்பதால் சாயமிடும்போது கழுவுவதில் கவனம் தவறினால் நுண்ணோக்கியிலும் அவை வெறும் அணுக்களாகத் தெரிந்து தப்பிவிடும். 50,000-க்கு மேல் போன எந்த மாதிரியையும் நான் இயந்திரத்தின் வார்த்தையில் விட்டதில்லை. குறைந்தது 200 அணுக்களை என் கண்ணால் எண்ணுவேன்.

கேள்வி (நோயியல் முதுநிலை மாணவி): மேடம், மரபணுச் சோதனை எதிர்மறை என்றால் கதை முடிந்தது என்று எழுதிவிடலாமா? பி230 வகை ஒட்டில் முதிர்ந்த நியூட்ரோஃபில்களே மிகுந்து வந்து, லூக்கிமாய்டு போலவே தோன்றுமே? வழக்கமான பி210 சோதனையில் அது அகப்படாது அல்லவா?

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பி210-ஐ மட்டும் அளக்கும் அளவுச் சோதனையை முதல் சோதனையாக அனுப்பிவிட்டு, "இல்லை" என்று வந்ததை நம்பி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதன்முறை பார்க்கும்போது எல்லா வகை ஒட்டுகளையும் பிடிக்கும் சோதனை வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒட்டை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் சோதனையோ குரோமோசோம் வரைபடமோ துணைக்கு வர வேண்டும். அரிதான நாட்பட்ட நியூட்ரோஃபிலிக் லூக்கிமியாவையும் மறக்க வேண்டாம். அதில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். இராது, டாக்சிக் துகள்கள் இருக்கும், எல்.ஏ.பி. கூட ஏறியிருக்கும், தகடு முழுக்கத் தொற்றைப் போலவே நடிக்கும். தொற்றுக்கான தடயம் எங்கும் இல்லாமல் வாரக்கணக்கில் எண்ணிக்கை உயர்ந்தே இருந்தால் சி.எஸ்.எஃப்.3.ஆர். மரபணுவைப் பார்க்கச் சொல்வேன்.

50,000 தாண்டிய எல்லோருக்கும் முதல் நாளே பி.சி.ஆர்-ஏ.பி.எல். அனுப்ப வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அனுப்பிவிட்டால் கவலை விட்டது என்று என் சக மருத்துவர் ஒருவர் சொல்வார். தகடு தெளிவாகத் தொற்றைக் காட்டி, காரணமும் கையில் இருந்தால் ஒரு வாரம் இறக்கத்தைப் பார்க்கலாம் என்பது என் பழக்கம். பேசோஃபில்களோ மைலோசைட் புடைப்போ பெரிய மண்ணீரலோ இருந்தால் அன்றே அனுப்பிவிடுவேன். ஆனால் மலேரியாவும் கல்லீரல் சுருக்கமும் மண்ணீரலைப் பெரிதாக்கும் என்பதால் அதை மட்டும் தனியாக நம்புவதில்லை.

கேள்வி (அந்த மகள், எட்டு நாள் கழித்து): டாக்டர் அம்மா, குழாய் வைத்துச் சீழ் எடுத்தார்கள். இரண்டாம் நாள் 44,000, நான்காம் நாள் 27,000, இன்று 12,600. அவர்களாகவே அனுப்பிய பி.சி.ஆர்-ஏ.பி.எல். "காணப்படவில்லை" என்று வந்துவிட்டது. இன்னும் இயல்புக்கு வரவில்லையே, பயப்பட வேண்டுமா?

பதில்: நல்ல செய்தி, அம்மா. எட்டு நாளில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது, சி.எம்.எல். ஆண்டிபயாட்டிக்குக்கும் வடிகுழாய்க்கும் இப்படிப் பணியாது. குழாய் இன்னும் உள்ளே இருந்தால் 12,600 எதிர்பார்க்கக்கூடியதே. குழாயை எடுத்து, மருந்து முடிந்து, நான்கு வாரம் கழித்து ஒருமுறை எண்ணிக்கையும் ஸ்மியரும் ஸ்கேனும் செய்யச் சொல்லுங்கள். கட்டி ஆறிய பிறகும் காய்ச்சல் இல்லாமலே எண்ணிக்கை மறுபடி ஏறினால் அப்போது வேறு கேள்வி எழும்: நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் சில புற்றுகள் வெள்ளை அணுக்களைத் தூண்டும் பொருளைத் தாமே சுரந்து இதே தோற்றத்தைக் கொண்டுவரும், அதைத் தேட வேண்டியிருக்கும். இப்போது அதற்கான அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. சீழ்க்கட்டி திரும்ப வராமலிருக்க அதைத்தான் முதலில் கேட்பேன்.