ஜேர்னல் கிளப்புக்கு ஒரு பக்கத் தாள்: பரடைம் ஆய்வை எப்படிச் சுருக்குவது?

"அண்ணா, அடுத்த கிழமை ஜேர்னல் கிளப்பில் பரடைம்-எச்.எஃப் ஆய்வு எனக்கு வந்திருக்கிறது. டிசைன், பயஸ், ரிசல்ட்ஸ் மூன்றும் ஒரே பக்கத்தில் வரவேணுமாம். எப்படிச் சுருக்குவது?"

அப்ஸ்ட்ராக்ட்டைப் பார்த்து எழுதத் தொடங்காதீங்கோ தங்கச்சி. மெதட்ஸ் பகுதியோடு, ரிசல்ட்ஸின் முதல் பந்தியையும் வாசியுங்கோ, இந்த ஆய்வின் சிக்கல் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

டிசைனுக்கு இரண்டு வரி போதும்: 2014இல் வெளிவந்த, எழுமாற்றாகப் பிரித்த, இரட்டை மறைப்பு ஆய்வு. பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு சக்குபிட்ரில்-வல்சார்ட்டன் 200 மில்லிகிராம் அல்லது எனலாப்ரில் 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். செலவு நொவார்ட்டிஸுடையது, அதையும் எழுதுங்கோ.

பயஸ் பெட்டிக்குத்தான் அரைப் பக்கம் ஒதுக்கவேணும். பிரிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் முதலில் எனலாப்ரில், அப்புறம் புது மருந்து கொடுத்து, இரண்டையும் தாங்கினவர்களை மட்டும்தான் உள்ளே எடுத்தார்கள். இந்த ரன்-இன் கட்டத்துக்கு வந்தவர்கள் 10,521 பேர், அதில் 2,079 பேர் கழன்றுபோக 8,442 பேர்தான் பிரிக்கப்பட்டார்கள். இதைச் 'செலக்ஷன் பயஸ்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம், ஆனால் அது சரியில்லை. வடிகட்டினது பிரிப்பதற்கு முன்பு என்பதால் இரண்டு குழுவுக்கும் இடையிலான ஒப்பீடு கெடவில்லை. கெட்டது பக்கவிளைவுக் கணக்கு: தாங்காதவர்கள் போனபிறகும் பிரஷர் இறங்கி அறிகுறி வந்தவர்கள் புது மருந்தில் 14 வீதம், எனலாப்ரிலில் 9.2 வீதம் என்றால், வடிகட்டாத எங்கட வோர்ட்டில் அது கூடத்தான் இருக்கும்.

ஆய்வை இடையில், நோயாளிகளைப் பின்தொடர்ந்த காலத்தின் மீடியன் 27 மாதமாக இருந்தபோது, நிறுத்தினதும் வரவேணும். முன்கூட்டி நிறுத்தினால் பலன் பெருத்துக் காட்டும் என்பது பொதுவான பயம். இங்கே இரண்டு குழுவிலும் சேர்த்து 2,000க்கு மேல் நிகழ்வுகள் விழுந்திருந்தன, அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கமாட்டேன்.

ரிசல்ட்ஸில் ஹசார்ட் ரேஷியோ 0.80 (0.73 முதல் 0.87) என்று மட்டும் போட்டால் கொன்சல்டன்ட் உடனே கேட்பார், 'எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன்?' என்று. இதய நோயால் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக வோர்ட்டில் சேர்வது, இரண்டில் ஒன்று வந்தவர்கள் 26.5 வீதத்திலிருந்து 21.8 ஆகக் குறைந்தார்கள். வித்தியாசம் 4.7, நூறை அதால் பிரித்தால் 21. 'அந்த 27 மாதத்தில்' என்ற காலத்தை விட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கூட்டு முடிவு என்பதால் மரணத்தைத் தனியாகவும் பாருங்கோ: இதய நோய் மரணம் 16.5இலிருந்து 13.3 ஆனது, ஆக அட்மிஷன் மட்டும் குறைந்து வந்த வெற்றி இல்லை.

கடைசிப் பெட்டியில் 'எங்கட நோயாளிக்குப் பொருந்துமா' என்று போட்டு, விலக்கப்பட்டவர்களை எழுதுங்கோ. ஸ்கிரீனிங்கில் மேல் பிரஷர் 100க்குக் கீழே, இ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே இருந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் அப்படிப்பட்ட வயதானவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.