இன்னொரு பிரஸ் வாங்கலாமா? சாத்தியக்கூறு அறிக்கை பற்றி வாசகர் கேள்விகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்கிறோம், 80 பேர் வேலை பார்க்கிறார்கள். புஷ் பிரிவுக்கு இரண்டு புதிய மோல்டிங் பிரஸ் வாங்க அறிக்கை எழுதினோம். "பிரச்சினை என்னவென்றே எழுதவில்லையே" என்று திருப்பிவிட்டார்கள். முதல் பக்கத்திலேயே "பிரஸ் பற்றாக்குறை" என்று எழுதியிருக்கிறோமே?

பிரஸ் பற்றாக்குறை என்பது நீங்கள் முடிவு செய்துவிட்ட தீர்வு. அதையே பிரச்சினை என்று எழுதினால், அதன் பிறகு வரும் முப்பது பக்கமும் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சப்பைக்கட்டாகத்தான் படிக்கப்படும். பிரச்சினைக் கூற்றில் மூன்று செய்திகள் போதும்: எவ்வளவு தேவை, இப்போது எவ்வளவு வருகிறது, அந்த இடைவெளியால் மாதம் என்ன போகிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஆறு பிரஸ், ஒவ்வொன்றிலும் ஒரே தடவையில் 20 காய் தரும் 20 கேவிட்டி மோல்டு. ரப்பரை வேகவைக்கும் கியூரிங் 6 நிமிடம், மோல்டைத் திறந்து காயை எடுத்து, அளவாக வெட்டிய ரப்பர் துண்டுகளான பிரிஃபார்மை மறுபடி அடுக்க 2 நிமிடம். ஆக ஒரு ஷாட்டுக்கு 8 நிமிடம். இரண்டு ஷிப்டில் உண்மையாக ஓடுவது 14 மணி நேரம் என்றால் ஒரு பிரஸுக்கு 105 ஷாட், 2,100 காய். ஆறு பிரஸ், 25 நாள்: 3,15,000. ரிஜெக்‌ஷன் 8 சதவீதம் போக நல்ல காய் 2,89,800. வாடிக்கையாளர் கேட்பது 3,60,000.

இனி கூற்றை இப்படி எழுதலாம்: "புஷ் பிரிவில் மாதம் 70,200 காய் குறைவாக அனுப்புகிறோம். காய்க்கு ரூ.1.80 பங்களிப்பு என்ற கணக்கில் மாதம் சுமார் ரூ.1.26 லட்சம் கைநழுவுகிறது." பிரஸ் என்ற சொல்லே இதில் வரவில்லை, வரவும் கூடாது. பங்களிப்பு என்று இங்கே சொல்வது விற்பனை விலையில் ரப்பர் கலவையான காம்பவுண்ட், மின்சாரம், பீஸ் ரேட் போன்ற மாறும் செலவுகளைக் கழித்த மிச்சத்தை. மொத்த விற்பனை விலையையே "இழப்பு" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆடிட்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கீழே வரும் கேள்விகளுக்கும் இதே யூனிட்டின் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

மாற்று வழிகள் என்ற அத்தியாயத்தில் எத்தனை வழிகளைக் காட்ட வேண்டும்? ஒப்புக்கு இரண்டு எழுதினால் போதுமா? (திருமங்கலம்)

எண்ணிக்கை முக்கியமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது, இருப்பதைச் சரிசெய்வது, புதிதாக வாங்குவது, இரண்டையும் கலப்பது என்ற நான்கும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தோற்பதற்கென்றே ஒரு வழியை எழுதிவைப்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வழியை எழுத, தொழிற்கூடத்தில் மூன்று நாள், இரண்டு ஷிப்டிலும் ஸ்டாப்வாட்ச் வைத்து நிற்க வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்டால் நல்ல நாளின் நேரத்தைத்தான் சொல்வார். பிரஸ் மூடியதிலிருந்து அடுத்த முறை மூடும்வரை அளந்து, கியூரிங்கையும் கையாளும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 20 பிரிஃபார்மையும் ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறார்கள் என்றால், முன்கூட்டியே அடுக்கி ஒரே தடவையில் கவிழ்க்கும் லோடிங் டிரே ஒன்று 45 விநாடியை மிச்சப்படுத்தக்கூடும்.

ரிஜெக்‌ஷனையும் மொத்தமாக எடைபோடாமல் காரணவாரியாகப் பிரிக்க வேண்டும். ஓரக் கேவிட்டிகளில் மட்டும் காய் மென்மையாகவோ உள்ளே குமிழோடோ வந்தால், மோல்டைச் சூடாக்கும் தட்டான பிளாட்டனின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வெப்பத்தை அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் நன்றாகத் தாழ்ந்திருந்தால் அங்கே ஹீட்டர் ராடு எரிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கேவிட்டியிலும் ஆங்காங்கே நிரம்பாத காய் வந்தால் பிரிஃபார்ம் எடை சீராக இல்லை. இதற்கெல்லாம் மருந்து புதிய பிரஸ் இல்லை. பழைய பழக்கத்தோடு புதிய பிரஸை ஓட்டினால் அதிலும் அதே 8 சதவீதம்தான் கழியும்.

கையாளும் நேரம் 2 நிமிடத்திலிருந்து 1 நிமிடம் 15 விநாடிக்கும், ரிஜெக்‌ஷன் 4 சதவீதத்துக்கும் இறங்கினால் ஒரு நாளைக்கு 115 ஷாட். ஆறு பிரஸில் நல்ல காய் 3,31,200. இன்னும் 28,800 குறைகிறது, அதனால் இந்த வழி மட்டும் போதாது. எதையும் திருத்தாமல் இரண்டு பிரஸ் வாங்கினால் 3,86,400. திருத்திவிட்டு ஒரே ஒரு பிரஸ் சேர்த்தாலும் 3,86,400. ஒரு பிரஸின் விலையை எங்கே தேடுவது என்று இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

சூட்டை ஏற்றி கியூரிங் நேரத்தைக் குறைத்துவிடலாமே? அறிக்கையில் அதையும் ஒரு வழியாகச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் காம்பவுண்ட் எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று அளக்கும் ரியோமீட்டரின் முடிவோடு மட்டும். தடித்த காயில் வெளிப்புறம் வெந்தும் உள்புறம் வேகாமலும் நிற்கும். இயற்கை ரப்பர் காம்பவுண்டை அதிகச் சூட்டில் வைத்தால் வெந்தபின் மறுபடி தளர்ந்து வலுவிழக்கும். மேலும் வாகன உதிரிபாகம் என்றால் கியூரிங் அளவை மாற்ற வாடிக்கையாளரின் மறு ஒப்புதல் தேவைப்படும், அதற்கான மாதங்களையும் அட்டவணையில் போட வேண்டும்.

அத்தியாயங்களின் வரிசை என்ன? (மேலூர்)

சுருக்கம், பிரச்சினை, தற்போதைய நிலையின் அளவீடு, சந்தைத் தேவை, மாற்று வழிகள், தொழில்நுட்பம், சட்ட அனுமதிகள், நிதி, இடர்கள், பரிந்துரை. சுருக்கம் முதலில் வந்தாலும் கடைசியில் எழுத வேண்டியது. கொட்டேஷன், ஸ்டாப்வாட்ச் தாள், ஆர்டர் கடிதம் எல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

இதில் அவசரமாக எழுதப்படுவது தொழில்நுட்பமும் அனுமதிகளும். ஒரு பிரஸின் ஹீட்டர்கள் 18 கிலோவாட், மோட்டார் 5.5 கிலோவாட் என்றால் இரண்டு பிரஸுக்கும் 47 கிலோவாட் கூடுகிறது. அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு, கூட்டியபின் தாழ்வழுத்த இணைப்பிலேயே இருக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். உயரழுத்த இணைப்புக்கு மாற வேண்டி வந்தால் சொந்த டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு இடம், காத்திருக்கும் காலம் எல்லாம் சேரும். தொழிற்சாலை உரிமத்தில் குதிரைத்திறனும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் உற்பத்தி அளவும் எழுதியிருக்கும். அவற்றைத் தாண்டினால் இரண்டையும் திருத்த வேண்டும். "அனுமதிகள் பெறப்படும்" என்ற ஒற்றை வரியை ஏற்க மாட்டார்கள். எந்த அனுமதி, இப்போது எவ்வளவு, இனி எவ்வளவு என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள்.

கையில் நிற்கும் பணம் கடன் தவணையைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் டி.எஸ்.சி.ஆர். எங்கள் கணக்கில் 1.5 வருகிறது. அப்படியும் வங்கி மேலாளர் தயங்குகிறார். ஏன்?

1.5 என்பது எல்லாம் நினைத்தபடி நடந்தால் வரும் எண். அவர் கேட்பது, நடக்காவிட்டால் என்ன என்று.

திருத்தமும் ஒரு பிரஸும் என்ற வழிக்குச் செலவை இப்படி வைத்துக்கொள்வோம்: பிரஸ் 18 லட்சம், மோல்டு 4, வயரிங்கும் அடித்தளமும் 2, டிரேயும் வெப்பக் கட்டுப்பாடும் 3, எதிர்பாராச் செலவு 1.5, நடைமுறை மூலதனத்துக்கு நம் பங்கு 1.5. மொத்தம் 30 லட்சம். கடைசி இரண்டை விட்டுவிடும் அறிக்கைகள்தான் அதிகம். பிறகு பிரஸ் வந்திறங்கிய மாதம் காம்பவுண்ட் வாங்கக் காசிருக்காது.

20 லட்சம் கடன், ஐந்து ஆண்டு, 11 சதவீத வட்டி. முதல் ஆண்டு அசல் 4, வட்டி சுமார் 2, ஆக 6 லட்சம் கட்ட வேண்டும். கூடுதல் 70,200 காயின் பங்களிப்பு ஆண்டுக்கு 15.16 லட்சம். இரண்டு ஆபரேட்டர் சம்பளம், பராமரிப்பு என்று கூடுதல் நிலைச் செலவு 4.8 லட்சமும், வரி சுமார் 1.3 லட்சமும் போனால் கையில் 9 லட்சம். ஒன்பதை ஆறால் வகுத்தால் உங்கள் 1.5.

இப்போது கூடுதல் ஆர்டர் 20 சதவீதம் குறைவதாக வையுங்கள். விகிதம் 1.15 அளவுக்கு இறங்குகிறது. 30 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது 5.81 லட்சம், தவணைக்கே பற்றாது. எந்தப் புள்ளியில் கவிழ்கிறது என்பதையும் நேராகப் போடலாம்: தவணை 6, நிலைச் செலவு 4.8, கூட்டி ரூ.1.80ஆல் வகுத்து மாதக் கணக்காக்கினால் 50,000 காய். இந்த ஒரு எண்தான் அவருக்கு வேண்டும்.

இதே கணக்கை இரண்டு பிரஸுக்குப் போடுங்கள். செலவு 52 லட்சம், கடன் 35 லட்சம், முதல் ஆண்டுத் தவணை சுமார் 10.5 லட்சம், நிலைச் செலவு 9.6 லட்சம். மாதம் சுமார் 93,000 கூடுதல் காய் விற்றால்தான் கட்டுபடியாகும். இருக்கும் பற்றாக்குறையோ 70,200. பிரஸ் ஓடும், காயும் வரும், வாங்க ஆள் இருக்காது.

மாநில அரசின் மூலதன மானியத்தை வரவில் காட்டலாமா?

கணக்கிலேயே சேர்க்காதீர்கள். முதலீடு முடிந்து, உற்பத்தி தொடங்கி, விண்ணப்பித்து, ஆய்வு முடிந்த பிறகு வரும் பணம் அது. பிரஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க உதவாது. மானியம் வந்தால்தான் திட்டம் நிற்கும் என்றால் அந்தத் திட்டம் நிற்கவில்லை. தகுதி இருந்தால் இடர்கள் பகுதிக்கு அடுத்து ஒரு பத்தியில் சொன்னால் போதும்.

பரிந்துரையில் "திட்டம் சாத்தியமானது" என்று முடித்தோம். போதாது என்கிறார்கள். (விளாச்சேரி)

எது, எப்போது, எந்த நிபந்தனையோடு என்று மூன்றும் வேண்டும். கப்பலூர் கணக்குக்கு இப்படி எழுதலாம்:

"முதல் மூன்று மாதம் லோடிங் டிரே, ஹீட்டர் திருத்தம், பிரிஃபார்ம் எடைக் கட்டுப்பாடு ஆகியவற்றை மட்டும் செய்வது; இதற்கு ரூ.3 லட்சம் சொந்தப் பணம். மூன்றாம் மாத இறுதியில் ஷாட்டுக்கு 7 நிமிடம் 15 விநாடியும், ரிஜெக்‌ஷன் 4 சதவீதத்துக்குள்ளும் தொடர்ந்து நான்கு வாரம் நின்றால், வாடிக்கையாளரிடமிருந்து மாதம் குறைந்தது 50,000 கூடுதல் காய்க்கு எழுத்துப்பூர்வ உறுதி பெற்ற பிறகு ஒரு பிரஸுக்கு ஆர்டர் கொடுப்பது. இரண்டில் ஒன்று நிறைவேறாவிட்டாலும் வாங்குவதை நிறுத்திவைப்பது. இரண்டு பிரஸ் வாங்கும் வழி பரிந்துரைக்கப்படவில்லை; அதன் சமநிலைப் புள்ளி தற்போதைய தேவையைத் தாண்டுகிறது."

நிராகரித்த வழியையும் காரணத்தையும் ஒரு வரியில் சொல்வது முக்கியம். இல்லையென்றால் கூட்டத்தில் யாராவது அதையே மறுபடி கிளப்புவார்கள். அளவீட்டை யார் எடுப்பது, யார் கையெழுத்திடுவது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பிரஸ் வேண்டும் என்று கேட்ட சூப்பர்வைசரே அளந்து தரும் ஏற்பாடு வேண்டாம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் அளக்கட்டும்.