மேற்படிப்பா, வேலையா? பத்துக்குடையவன் ஒன்பதில் இருந்தால்

கேள்வி: நான் பிறந்தது 2004 ஜூன் 10, பகல் 1.20 மணி, திருநெல்வேலி. கன்னி லக்னம், பூரட்டாதி 4ஆம் பாதம், மீன ராசி. பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருக்கிறேன். கேம்பஸ் தேர்வில் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கேட் தேர்விலும் தேறியிருப்பதால் எம்.இ. சேரவும் ஆசை. ஜென்மச் சனியில் படிப்பு தடைபடும், வேலைக்குப் போய்விடு என்கிறார் எங்கள் ஊர் ஜோதிடர். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தங்கள் ஜாதகத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஜென்மச் சனியை அல்ல, புதனை. கன்னி லக்னத்துக்கு லக்னாதிபதியும் அவரே, ஜீவனஸ்தானமான பத்தாம் இடத்துக்கு அதிபதியும் அவரே. அவர் ரிஷபத்தில், அதாவது உயர்கல்வியைக் குறிக்கும் ஒன்பதாம் இடத்தில், அந்த வீட்டுக்குரிய சுக்கிரனோடு சேர்ந்து அமர்ந்திருக்கிறார். ஒன்பதுக்கும் பத்துக்கும் உடையவர்கள் இப்படிச் சேர்வதைத் தர்ம கர்மாதிபதி யோகம் என்பார்கள். பத்துக்குடையவன் ஒன்பதில் நிற்கும்போது, படிப்பு முதிர்ந்து அதன் வழியாகத் தொழில் அமையும் என்பதே பொதுப்பலன். பத்தாம் இடத்திலோ செவ்வாயும் சனியும் கூடியிருக்கிறார்கள். கன்னிக்கு எட்டுக்குடைய செவ்வாயும் ஆறுக்குடைய சனியும் அங்கே இருப்பதால், வேலை கிடைக்காது என்று பொருளல்ல. அவசரப்பட்டு ஏற்கும் முதல் வேலையில் உழைப்பு மிகுந்து, மனம் ஒட்டாமல் விரைவில் மாற நேரும் என்று கொள்ள வேண்டும்.

யோகத்தில் ஒரு குறையும் உண்டு. தாங்கள் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான், ஜூன் 8 அன்று, சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கரும்புள்ளியாகக் கடந்து சென்ற அரிய காட்சியை உலகமே பார்த்தது. ஆகவே தங்கள் ஜாதகத்தில் சுக்கிரன் வக்கிரமாகி, சூரியனுக்கு மிக அருகில் அஸ்தங்கம் அடைந்திருக்கிறார். ஆட்சி வீட்டில் இருப்பதால் பலன் அடியோடு கெடாது. ஆனால் அவரை மறைக்கும் சூரியன் பன்னிரண்டாம் இடமான விரயத்துக்கு அதிபதி. ஒன்பதாம் இடம் தந்தைக்கும் உரியது. எனவே உயர்கல்வியால் தந்தைக்குச் செலவும் கடனும் வருமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

இனி தசை. குரு தசை இருப்பு ஏறத்தாழ 1 வருடம் 10 மாதம் என வருவதால், 19 ஆண்டு சனி தசை 2025இல் முடிந்து புதன் தசை தொடங்கிவிட்டது. அதில் சுய புக்தி 2 வருடம் 4 மாதம் 27 நாள். ஆகவே 2027 செப்டம்பர் வாக்கில் முடியும். பின்னர் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கேது புக்தி, 2028 பிற்பகுதியில் சுக்கிர புக்தி. (வாக்கியம், திருக்கணிதம் என்ற பஞ்சாங்க வேறுபாட்டால் சில மாதங்கள் முன்பின் ஆகலாம்.) இரண்டாம் இடமான தனஸ்தானத்தில் நிற்கும் கேதுவின் காலத்தில் வருமானத்தை நம்பியிருப்பதைவிடப் படிப்பில் இருப்பது மேல். இப்போது சேர்ந்தால், 2028இல் பட்டம் பெற்று வெளிவந்த சில மாதங்களில் ஒன்பதுக்குடைய பாக்கியாதிபதியான சுக்கிரனின் புக்தியும் தொடங்கும்.

ஜென்மச் சனியைப் பற்றி அந்த ஜோதிடர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இப்போது தங்கள் ராசியான மீனத்தில் சஞ்சரிக்கும் சனியின் மூன்றாம் பார்வை ஒன்பதாம் இடத்திலும், பத்தாம் பார்வை கல்வி ஸ்தானமான நான்காம் இடத்திலும் விழுவதால், முதல் இரண்டு செமஸ்டர்கள் சுமையாகவே இருக்கும்; அரியர் விழவும் கூடும். ஆயினும் அதே சனி ஏழாம் பார்வையாகத் தங்கள் லக்னத்தையும் பார்ப்பதால், வேலைக்குப் போனால் மட்டும் அவர் விட்டுவிடப் போவதில்லை. ஜனன ஜாதகத்தில் பன்னிரண்டில் நிற்கும் குரு ஐந்தாம் பார்வையாகத் தம் சொந்த வீடான நான்காம் இடத்தைப் பார்ப்பதால், ஊரை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் படிப்பு அறுந்துபோகாது.

ஆகவே கேட் மதிப்பெண்ணின் பேரில், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு எம்.இ. இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். செலவு குறித்த தோஷத்துக்கு அதைவிட நல்ல பரிகாரம் எனக்குத் தெரியவில்லை. தந்தை கடன் வாங்கித்தான் சுயநிதிக் கல்லூரியில் சேர வேண்டும் என்றால் என் பதில் மாறும். அப்போது வேலையில் சேர்ந்துவிடுங்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால் அடுத்த ஆண்டு மீண்டும் முயலலாம். ஆனால் கையெழுத்திடும் முன், இடையில் விலகினால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத் தந்தையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிடுங்கள்.