அடி, யூனிட், பிராஸ்: லோடு சொல்லும் முன் ஒரு கணக்கு

(கட்டுமானப் பொருள் டிப்போ ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதிய கொழிஞ்சாம்பாறை அக்கா பதில் சொல்கிறார்.)

வீடு கட்டுபவர், வேலந்தாவளம்: அக்கா, தளத்துக்கு 12 கன மீட்டர் காங்கிரீட்னு இன்ஜினீயர் எழுதித் தந்திருக்கார். க்ரஷர்ல எத்தனை யூனிட்னு கேக்கறாங்க. 10.76-ஆல பெருக்கினா 129 அடி வருது. ஒன்றரை யூனிட் ஜல்லி சொல்லிரட்டுங்களா?

சொல்லிராதீங்க. 10.76 டைல்ஸ் வாங்கறதுக்கான எண். ஒரு சதுர மீட்டர்ல அத்தனை சதுர அடி இருக்கு. நமக்கு உயரமும் சேரணும், அதனால ஒரு கன மீட்டர்னா 35.3 கன அடி. உங்க 12 கன மீட்டர் 424 கன அடி ஆகுது. நம்ம பக்கம் யூனிட்னா 100 கன அடி, அப்போ நாலேகால் யூனிட்.

ஆனா அது காங்கிரீட்டோட அளவு, ஜல்லியோடது இல்லீங்க. ஜல்லி இடுக்குல மணலும், மணல் இடுக்குல சிமெண்டும் போய் உக்காந்துக்கும். அதனால மூணையும் தனித்தனியா அளந்து கூட்டினா காங்கிரீட்டை விட ஒன்றரை மடங்கு வரும். 1 : 1½ : 3 கலவைன்னா ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்கு ஜல்லி 0.84 கன மீட்டர், எம்-சாண்ட் 0.42, சிமெண்ட் 8 மூட்டை. உங்க 12-க்கு ஜல்லி சுமார் 356 அடி, மணல் 178 அடி. சிந்தறது சிதறறது சேர்த்து ஜல்லி நாலு யூனிட், மணல் ரெண்டு யூனிட்னு சொல்லுங்க. மிஞ்சினா வாசல்ல போட்டுக்கலாம். காங்கிரீட் ஓடும்போது பத்தாம நின்னுட்டா அது பெரிய தலைவலி. இன்ஜினீயர் வேற கலவை குறிச்சிருந்தா இந்தக் கணக்கு மாறும், அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கோழிப்பதியிலிருந்து ஒருவர்: எங்க மேஸ்திரி புனே பக்கம் பத்து வருசம் வேலை பாத்தவர். எல்லாத்தையும் பிராஸ்லயே சொல்றார். க்ரஷர்காரருக்குப் புரியல.

பிராஸும் நம்ம யூனிட்டும் ஒண்ணுதான். ரெண்டுமே 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அவர் மூணு பிராஸ்னா நீங்க மூணு யூனிட்னு சொல்லுங்க. பாலக்காடு பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. அங்க "நூத்தம்பது அடி மெட்டல்"னு சொன்னா 150 கன அடி ஜல்லி, ஒன்றரை யூனிட். கனங்கிற வார்த்தையை வாயில விடவே மாட்டாங்க.

டிப்பர் டிரைவர், கோபாலபுரம்: இவ்வளவு கணக்கு எதுக்குங்க? ஆறு வீல்னா ரெண்டு யூனிட், பத்து வீல்னா நாலு யூனிட். அவ்வளவுதான்.

பாதி சரிங்க தம்பி. குத்துமதிப்புக்கு அது போதும். ஆனா பாடி கட்டினவர் எல்லாரும் ஒரே அளவுல கட்டறதில்லையே. பணம் கொடுக்கறவங்க பெட்டியை உள்பக்கம் அளந்துதான் ஆகணும்.

என் வீட்டு வேலையிலயே நான் ஏமாந்தேன். ஒரு வண்டியை வெளிப்பக்கமா அளந்து காட்டினாங்க: நீளம் 14½, அகலம் 7½, உயரம் 3¼. பெருக்கினா 353 அடி, மூன்றரை யூனிட்டுக்குக் காசு கொடுத்தேன். அடுத்த நடையில சந்தேகம் வந்து ஏறி உள்ளே டேப் வெச்சேன். 14, 7, 3. வெறும் 294 அடி. அதுலயும் மணல் விளிம்புக்கு மூணு இஞ்ச் கீழே இருந்தது, ஆக 270 அடிகூட தேறல. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதின எனக்கே இந்த கதி.

அதனால வண்டி மேல ஏறுங்க. மணலைச் சமமா நிரவச் சொல்லி, நாலு மூலையிலயும் நடுவிலயும் கம்பி குத்தி ஆழம் பாத்து சராசரி எடுங்க. கம்பி அடித்தகட்டைத் தொட்டா சத்தமே வேற மாதிரி கேக்கும். நடுவுல மட்டும் குவிச்சு வெச்சிருக்கறதைப் பாத்து மயங்காதீங்க.

சித்தூர் வாசகி: ஆத்து மணல் இப்ப எங்க கிடைக்கும், என்ன ரேட்டு?

நீங்க கேக்கறது வேற விசயம் அம்மணி. நான் இங்க அளவு மட்டும்தான் பேசறேன். எந்த மணலா இருந்தாலும் அளக்கற முறை ஒண்ணுதான்.

ஒப்பந்தக்காரர், கஞ்சிக்கோடு: எங்களுக்கு பில் டன்ல வருது. வண்டியோட மொத்தம் 27.6, வெறும் வண்டி 10.4. இதை எப்படி அடியாக்கறது?

நிகர எடை 17.2 டன். முக்கால் இஞ்ச் ஜல்லின்னா ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும். 17.2-ஐ 1.5-ஆல வகுத்தா 11.5 கன மீட்டர், சுமார் 405 அடி. அதே எடை எம்-சாண்டா இருந்தா கன மீட்டருக்கு 1.65 டன்னுன்னு வெச்சாலும் 368 அடிதான் வரும். பாறைக்குப் பாறை, தூளோட நயத்துக்குத் தகுந்த மாதிரி இது மாறும். அடிக்கு அடி அகலம், அடி உயரத்துல ஒரு மரப்பெட்டி செஞ்சு, நிரப்பி எடை போட்டுப் பாருங்க. மணல் 45-லிருந்து 50 கிலோ வரும். உங்க க்ரஷரோட எண் அதுதான். அடுத்த லோடுகளுக்கெல்லாம் அதையே வெச்சுக்கலாம்.

அதே வேலந்தாவளம்காரர்: ரெண்டு யூனிட் மணல் வந்துச்சுங்க, உள்பக்கம் அளந்தேன், சரியா 200 அடி. ஆனா கலவை போடும்போது பத்தல. திருடிட்டாங்களா?

மணல் ஈரமா இருந்துச்சா? அப்ப யாரும் திருடலீங்க, மணல் ஊதியிருந்தது. லேசான ஈரத்துல ஒவ்வொரு துகளையும் தண்ணிப் படலம் விலக்கி நிறுத்தும், அதனால அளவுல இருபது முப்பது சதவீதம்கூட கூடுதலா நிக்கும். முழுசா நனைஞ்சா மறுபடி அமுங்கிரும். நயமான மணல்ல இது அதிகம், ஜல்லியில கணக்குல எடுக்கற அளவுக்கு இல்லை.

கண்ணாடி ஜார்ல சோதிக்கலாம். ஈர மணலை இறுக்காம 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, வெளிய எடுத்துருங்க. ஜார்ல பாதி தண்ணி ஊத்தி அதே மணலைத் திருப்பிப் போட்டுக் கலக்கி, படிய விடுங்க. 16 செ.மீ.க்கு இறங்குச்சுன்னா, உங்க 200 அடியில உண்மையான மணல் 160 அடிதான். மழைக்காலத்துல ஈர மணலை அடிக்கணக்குல வாங்கினா இந்த அளவு நட்டம். டன் கணக்குல வாங்கினா, அஞ்சு சதவீத ஈரம்னா தண்ணிக்குக் கொடுக்கற காசும் ஏறத்தாழ அஞ்சு சதவீதம்தான்.

பொள்ளாச்சி ரோட்டுக்காரர்: நான் வீட்டுல இல்லாத நேரம் ஜல்லியைக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. இனி அளக்க வழி இருக்கா?

குவியல் கூம்பா நின்னா தோராயமா முடியும். அடியில சுத்தி ஒரு கயிறு போட்டு அளங்க. அந்த அளவை அதாலயே பெருக்கி, உயரத்தாலயும் பெருக்கி, 37.7-ஆல வகுங்க. சுத்தளவு 44 அடி, உயரம் 5 அடின்னா 257 அடி. சுவர் மேல சாஞ்சு நின்னா இந்தக் கணக்கு உதவாது.

டிப்பர் டிரைவர் மறுபடியும்: எல்லாம் சரிங்கக்கா. க்ரஷர்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி எடுக்கறேன், நாப்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தா குலுங்கி அமுங்குது. அந்தக் குறையை என் தலையில கட்டினா எப்படி?

அதுவும் நியாயம்தான் தம்பி. பொருள் குறையலை, அமுங்கித்தான் போச்சு. எங்க நிறுத்தி அளக்கறதுன்னு வாங்கறவரும் க்ரஷர்காரரும் முதல்லயே பேசிக்கணும். நான் டிப்போல இருந்த காலம் முழுக்க இந்தச் சண்டை நடந்துட்டுதான் இருந்துச்சு.