ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மென்பொருள் வேலைக்கு: வாசகர் கேள்விகள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் இரண்டரை ஆண்டுகள் ஜிஎஸ்டி வேலை பார்த்தேன். இப்போது நான்கு மாத பைதான் பயிற்சி முடித்திருக்கிறேன். பயிற்சியில் செய்த வானிலைச் செயலியையும் பணிப்பட்டியல் செயலியையும் ரெஸ்யூமில் போட்டும் யாரும் அழைக்கவில்லை. பழைய வேலையை நீக்கிவிடலாமா?

வேண்டாம். நீக்க வேண்டியவை அந்த இரண்டு செயலிகள்தான். உங்களோடு படித்த அத்தனை பேர் ரெஸ்யூமிலும் அவையே இருக்கும். அவற்றில் எது உங்கள் உழைப்பு, எது ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க நிறுவனத்துக்கு வழியே இல்லை.

உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பி மாதந்தோறும் 14ஆம் தேதி வந்ததும், அதை வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டிருப்பீர்கள். 2022 ஜனவரி முதல், 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்பதால் ஒரு பில் விடுபட்டாலும் வாடிக்கையாளருக்குப் பணம் முடங்கும். எக்செலில் கண் வலிக்கச் செய்த அந்த வேலையையே பைதானில் எழுதுங்கள். அதுதான் உங்கள் புராஜெக்ட்.

எழுதத் தொடங்கியதும் முதல் சிக்கல் பில் எண்ணில் வரும். விற்றவர் `INV/0045` என்று பதிந்திருப்பார். உங்கள் வாடிக்கையாளரின் கணக்காளர் `inv-0045` என்று அடித்திருப்பார். கணினிக்கு இவை வேறு வேறு. அதனால் குறியீடுகளைக் களைந்து எழுத்தைப் பெரிதாக்குவீர்கள்:

```python
import re

def clean(no):
    return re.sub(r"[^A-Z0-9]", "", no.upper())
```

இது மேலே சொன்ன இணையைச் சேர்த்துவிடும். ஆனால் கணக்காளர் பூஜ்யங்களை விட்டுவிட்டு `INV-45` என்று அடித்திருந்தால் சேர்க்காது. அதைவிட ஆபத்தான ஒன்றும் இருக்கிறது. `1/23`, `12/3` என்ற இரண்டு தனித்தனி பில்களும் இங்கே `123` ஆகிவிடும். ஒரே சப்ளையரின் இரண்டு பில்கள் ஒன்றாகிவிட்டால் கருவி தவறான பதிலை நம்பிக்கையோடு சொல்லும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பில் தேதி, வரித் தொகை ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தொகையில் ஒரு ரூபாய் வரையிலான வித்தியாசத்தை பைசாவை முழு ரூபாயாக்கியதால் வந்ததாக ஏற்கலாம். முழுதாகப் பொருந்தியவை, பொருந்தியிருக்கலாம் என்பவை, பொருந்தாதவை என்று மூன்று பட்டியல் தாருங்கள். இரண்டாவது பட்டியலை மனிதர்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதையும் நிரலே முடிவு செய்யும்படி எழுதிவிடாதீர்கள்.

இனி ரெஸ்யூமில் "ஜிஎஸ்டி பணிகளைக் கவனித்தேன்" என்று எழுத வேண்டியதில்லை. "கொள்முதல் பதிவேட்டை மாதந்தோறும் 2பியுடன் ஒப்பிட்டேன், பின்னர் அதற்கு பைதானில் கருவி எழுதினேன், பில் எண் ஒத்துப்போகாத பதிவுகளைத் தனியே பிரித்துத் தரும்" என்பதே ஆங்கிலத்திலும் சாரமாக இருக்கட்டும். பயிற்சிச் சான்றிதழுக்குக் கல்வித் தகுதியின் கீழே ஒரு வரி போதும்.

அதே வாசகி: சோதித்துப் பார்க்க அலுவலகக் கோப்புகளையே கிட்ஹப்பில் வைக்கலாமா?

கூடவே கூடாது. அவை வாடிக்கையாளரின் ரகசியம். நேர்காணல் செய்பவர் அதைப் பார்த்தால், நாளை தன் நிறுவனத்தின் தரவும் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைப்பார். கற்பனைப் பெயர்களோடு ஐம்பது வரி மாதிரிக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். மேலே சொன்ன சிக்கல்களை அதில் வேண்டுமென்றே புகுத்துங்கள். ஏற்கெனவே உண்மைக் கோப்பை ஏற்றியிருந்தால், அடுத்த commit-இல் அழித்தால் மட்டும் போகாது, பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அந்தக் களஞ்சியத்தையே நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: "காமர்ஸ் படித்துவிட்டு ஏன் இங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டால் திணறுகிறேன். என்ன சொல்வது?

"சிறு வயதிலிருந்தே கணினியில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். அப்படியானால் ஏன் காமர்ஸ் எடுத்தீர்கள் என்று உடனே கேட்பார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். ஈரோட்டு வாசகி சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "மாதம் முழுவதும் பில் ஒப்பிடும் வேலை. எக்செலில் VLOOKUP போட்டேன், பில் எண் மாறியிருந்தால் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்யத்தான் பைதான் படித்தேன். கருவி எழுதினேன். இரண்டு பில்களை ஒன்றாக்கிவிட்டது. காரணம் கண்டு திருத்தினேன். இந்த வேலையை முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன்." ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் எதைத் தோண்டினாலும் அடியில் உண்மை இருக்கும்.

தோண்டத்தான் செய்வார்கள். குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அடுத்த கேள்வியில்: "இரண்டு பக்கமும் ஒரு லட்சம் பில் இருந்தால் உங்கள் நிரல் என்ன ஆகும்?" ஒவ்வொரு பில்லையும் மற்றப் பக்கத்தின் எல்லா பில்களோடும் ஒப்பிடும்படி இரண்டு லூப் எழுதியிருந்தால் 1,000 கோடி ஒப்பீடுகள் ஆகும், நிரல் நகராது. ஒரு பக்கத்தை டிக்‌ஷனரியில் போட்டு, ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்துச் சாவியாகவும் அந்தச் சாவிக்குரிய பில்களை லிஸ்டாகவும் வைத்தால், மறுபக்கத்தை ஒரே ஒரு முறை கடந்தால் போதும். பயிற்சி நிலையங்கள் செயலி செய்யக் கற்றுத்தரும் அளவுக்கு இதைக் கற்றுத்தருவதில்லை. லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் ஆகிய மூன்றில் எதை எங்கே, ஏன் என்று உங்கள் நிரலை வைத்தே விளக்கப் பழகுங்கள். இன்னொரு புதிய ஃப்ரேம்வொர்க் படிப்பதைவிட இதுதான் முதலில் வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஒரு கன்சல்டன்சி பணம் வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டு டெவலப்பர் அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்கிறது. பலரும் வாங்குகிறார்களாம்.

வாங்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் யுஏஎன் எண்ணை வைத்து வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றைப் பார்க்கிறார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் டெவலப்பர் என்று சொல்லும் அதே மாதங்களில் வேறொரு நிறுவனம் பிஎஃப் கட்டியிருந்தால் அங்கேயே முடிந்தது. சேர்ந்து பல மாதம் கழித்துப் பிடிபட்டாலும் வேலை போகும், அதன்பின் அந்தக் காலத்தையும் ரெஸ்யூமில் காட்ட முடியாது. பணம் கேட்பவர் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டார் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் உண்மையான பழைய அலுவலகம் சிறியது, பிஎஃப் இல்லை என்றால் கவலை வேண்டாம். 20 பேருக்குக் குறைவான அலுவலகங்களுக்குப் பொதுவாக அது கட்டாயமில்லை. சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கையும் பணிவிடுவிப்புக் கடிதமும் பத்திரமாக இருக்கட்டும்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: பல விளம்பரங்களில் "பி.இ., எம்.சி.ஏ. மட்டும்" என்று இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

படிவத்திலேயே பட்டத்தைக் கேட்டு நிறுத்தினால் விட்டுவிடுங்கள். அங்கே உங்கள் ரெஸ்யூமை யாரும் படிக்கப்போவதில்லை. கணக்கு, பில்லிங், சம்பளப் பட்டியல் மென்பொருள் செய்யும் நிறுவனங்களைத் தேடுங்கள். ஜோஹோ புக்ஸ், டேலி போன்றவற்றைச் செய்பவர்கள் மட்டுமல்ல, அவற்றோடு இணையும் சிறு மென்பொருள்களைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். டெபிட் நோட்டுக்கும் கிரெடிட் நோட்டுக்கும் வித்தியாசம் தெரிந்த டெஸ்டர் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

டெஸ்டிங் அல்லது சப்போர்ட் வேலை தந்தால், சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்தக் குழுவிலிருந்து டெவலப்மென்ட்டுக்குப் போனவர் யாராவது இருக்கிறாரா, எவ்வளவு காலத்தில் போனார்?" தெளிவாக ஓர் ஆளைக் காட்டினால் சேரலாம். "பார்க்கலாம்" என்றால் அந்த வேலையின் சம்பளத்துக்காகவும் அனுபவத்துக்காகவும் மட்டுமே சேர முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.