விவரணையில் டேக் குவித்தால் வீடியோ ஏன் போகிறது

"சாம்பார் பொடி வீடியோவுக்குக் கீழே விவரணையில் நாற்பது டேக் போட்டேன். ஸ்பேம் என்று யூடியூப் எடுத்துவிட்டது. வீடியோவில் தப்பே இல்லையே?"

அந்தப் பட்டியல்தான் காரணமாக இருக்கும். டேக்குக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதை விவரணைக்குள் கொட்டுவதை யூடியூப் விதிகள் ஸ்பேம் என்றே சொல்கின்றன. பட்டியலில் வீடியோவில் இல்லாத 'பிரியாணி', வேறு சேனலின் பெயர் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். தேடி வருபவரை ஏமாற்றுவதாகவே அதை எடுத்துக்கொள்வார்கள்.

இனி விவரணையின் முதல் இரண்டு வரியை வாக்கியமாக எழுதுங்கள்: "வறுத்து அரைத்த சாம்பார் பொடி. அரை கிலோ மல்லிக்கு மிளகாய் எவ்வளவு, வறுவலை எந்தப் பதத்தில் இறக்குவது." தேடுகிற சொல்லெல்லாம் இதிலேயே வந்துவிடுகிறது. அப்புறம், டேக் பெட்டியை எழுத்து மாறும் சொற்களுக்கு மட்டும் வையுங்கள்: `sambar podi`, `sambhar powder`. அதற்கு மேல் டேக்கால் பெரிய பயன் கிடையாது. ஹேஷ்டேக் மூன்று போதும். அறுபதைத் தாண்டினால் அத்தனையையும் யூடியூப் கண்டுகொள்ளாது.

மற்ற வீடியோக்களிலும் இதே பட்டியலை ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஆனால் நீக்கப்பட்ட வீடியோ அதனால் தானாகத் திரும்பாது; ஸ்டுடியோவில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.