கேசவானந்த பாரதியில் ரேஷியோவைத் தேடியபோது

கேள்வி: பல நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய நீண்ட தீர்ப்பில் எது ரேஷியோ, எது ஒபிட்டர் என்று எப்படிப் பிரிப்பது? 1973-இல் உச்ச நீதிமன்றத்தின் பதின்மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்த கேசவானந்த பாரதி வழக்கைப் படித்துக் குழம்பிப்போய் நிற்கிறேன்.

முடிவுக்கு அவசியமான, பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் காரணம்தான் ரேஷியோ; முடிவுக்குத் தேவைப்படாமல் போகிற போக்கில் சொன்னது ஒபிட்டர். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். எந்தச் சட்டம் செல்லும், எந்தச் சட்டம் செல்லாது என்ற முடிவை முதலில் எழுதிக்கொண்டு, அந்த முடிவுக்கு எந்தக் காரணத்தில் ஏழு பேர் சேர்ந்தார்கள் என்று பின்னோக்கித் தேடுங்கள்.

ஜூனியராக இருந்தபோது தலைமை நீதிபதி சிக்ரி தந்த 'அடிப்படை அம்சங்கள்' பட்டியலை ரேஷியோ என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதில் கூட்டாட்சியும் இருக்கிறது. சீனியர் கேட்டார்: "கூட்டாட்சியை எடுத்துட்டா, முடிவு மாறுமா?" மாறாது. வழக்கில் இருந்தவை அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம், சொத்துரிமை, கேரளாவின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள். கூட்டாட்சியை யாரும் தொடவே இல்லை. ஆக அந்த வரி ஒபிட்டர்.

அப்புறம் ஒரு தாளில் நீதிபதிக்கு ஒன்றாகப் பதின்மூன்று வரிசை போட்டேன். சிக்ரியோடு சேர்த்து ஆறு பேர், நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்றார்கள். வேறு ஆறு பேர் வரம்பு இல்லை என்றார்கள். நடுவில் நீதிபதி கன்னா. உள்ளார்ந்த வரம்புகள் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் 'திருத்தம்' என்ற சொல்லுக்கே, பழைய அரசியலமைப்பின் அடிப்படை அமைப்பு மிஞ்சியிருக்க வேண்டும் என்ற பொருள் உண்டு என்றார். காரணம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. அந்தப் பொதுவான இடம்தான் ரேஷியோ: திருத்தும் அதிகாரத்தைப் பற்றிய 368-ஆம் பிரிவைக் கொண்டு அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது. அதைத் தாண்டி சிக்ரி தரப்பு ஆறு பேர் சொன்ன வாதங்களுக்குப் பெரும்பான்மை கிடையாது.

கடைசியில் ஒன்பது பேர் கையெழுத்திட்ட சுருக்கத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். வரம்பே இல்லை என்று எழுதிய பாலேகரும் சந்திரசூட்டும்கூட அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனவே கையெழுத்தை எண்ணிப் பயனில்லை, அவரவர் தீர்ப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், சொத்துரிமை அடிப்படை அமைப்பில் சேராது என்று கன்னா சொன்ன வரி. வழக்கே சொத்தைப் பற்றியது என்பதால் அதை ஒபிட்டர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பலர் அதை நீட்டி, எந்த அடிப்படை உரிமையுமே அடிப்படை அமைப்பில் சேராது என்று அவர் சொன்னதாகப் படித்தார்கள். 1975-இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் கன்னாவே அதை மறுத்தார். எல்லா உரிமைகளையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றால், சொத்துரிமையைத் தனியாக ஆராய எனக்கு என்ன வேலை என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.